முதலில் சூடு, பிறகு பால்

மார்கழி மாதத்து விடியற்காலை அது. எங்கள் தெருக்கோடியில் பாதி கட்டி நின்றுபோன ஒரு வீடு இருக்கிறது. அதன் மணல்மேட்டுக்குப் பின்னால் ஐந்து நாய்க்குட்டிகள் கிடந்தன. அவற்றை ஈன்ற செவலை நாய் முந்தின நாள் இரவு நெடுஞ்சாலையில் லாரியில் அடிபட்டுச் செத்துப்போயிருந்தது. ஐந்தில் ஒன்று ஏற்கெனவே விறைத்துவிட்டது. மற்ற நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கிடந்தன. ஒன்றுக்கும் கண் திறக்கவில்லை. தொப்புள்கொடி காய்ந்து விழுந்திருந்ததால் பிறந்து நான்கைந்து நாள் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டோம்.

அட்டைப்பெட்டியில் துணி விரித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மிணி, பசிக்குதாட்ட இருக்குது. பசும்பாலைக் காய்ச்சிச் சங்குல ஊத்து" என்றார். எனக்கும் அதுதான் தோன்றியது. நல்ல வேளையாக, அடுப்பில் பால் வைத்துவிட்டு எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரைக் கைப்பேசியில் கூப்பிட்டேன்.

"குட்டியத் தொட்டுப் பாருங்க. சூடா இருக்கா, ஜில்லுனு இருக்கா?" என்று கேட்டார்.

"ஜில்லுனுதாங்க இருக்குது."

"அப்போ பால் வேண்டாம். முதல்ல சூடு, அப்புறம்தான் பால். சங்கை எடுக்கவே எடுக்காதீங்க."

தாயில்லாக் குட்டிகளை வளர்த்த அடுத்த எட்டு வாரத்தில் நான் கற்றவை அத்தனையும் அந்த ஒரு வரியில் தொடங்கியவை.

ஆறிப்போன வயிறு

பிறந்த நாய்க்குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. நமக்குக் குளிர்ந்தால் உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளும். முதல் வாரத்துக் குட்டிக்கு அந்த நடுக்கம்கூட வராது. தாயின் வயிறும் கூடப்பிறந்த குட்டிகளும்தான் அதற்குப் போர்வை. வளர்ந்த நாயின் உடல்வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். முதல் வாரத்துக் குட்டிக்கு 35 முதல் 37 வரை இருந்தால் அது சரியான அளவு. 35-க்குக் கீழே இறங்கினால் குடல் அசைவது மெல்ல நின்றுபோகும். அந்த நேரத்தில் உள்ளே போகும் பால் செரிக்காமல் அப்படியே தங்கிப் புளிக்கும், வயிறு உப்பும். உறிஞ்சும் வலுவும் விழுங்கும் வலுவும் குறைந்திருப்பதால் பால் எளிதாக மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பசியாற்றுகிறோம் என்று நினைத்து ஊற்றும் பாலே உயிரைப் பறிப்பது இப்படித்தான்.

எங்கள் நான்கில் சின்னதுக்கு எண்ணெய் தடவிய டிஜிட்டல் தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துப் பார்த்தபோது 33.5 காட்டியது. எடை 210 கிராம். மற்ற மூன்றும் 300 கிராமை ஒட்டி இருந்தன. சின்னதைத் துணியில் சுற்றி, என் சால்வைக்குள் மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மருத்துவர் சொன்னபடி, குளுக்கோஸ் கரைத்த வெதுவெதுப்பான நீரை விரல்நுனியில் தொட்டு ஈறில் மட்டும் தடவினேன். அவசரப்பட்டு அடுப்புப் பக்கமோ ஹேர் டிரையருக்கு முன்னாலோ கொண்டுபோகக் கூடாது என்று சொல்லியிருந்தார். திடீரென்று ஏற்றும் சூட்டில் மெல்லிய தோல் வெந்துபோகும், தளர்ந்திருக்கும் இதயமும் தாங்காது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்துச் சின்னது தலையைத் தூக்கி என் உள்ளங்கையில் மூக்கால் முட்டியது. தெர்மாமீட்டர் 36-ஐத் தொட்டிருந்தது. பிறகுதான் பால்.

மற்ற மூன்றுக்கும் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் சூடு வைத்தேன். பிளாஸ்டிக் பாட்டிலில் சுடுநீர் நிரப்பி, மூடியை இறுக்கி, இரண்டு சுற்றுத் துண்டு சுற்றி ஓரத்தில் கிடத்தினேன். மறுபாதியைச் சும்மா விட்டேன். குட்டிக்குச் சூடு அதிகமானால் விலகி ஊர்ந்துபோக இடம் வேண்டும். முதல் வாரத்தில் குட்டி படுத்திருக்கும் இடம் 30 முதல் 32 டிகிரி வரை இருக்கலாம். இரண்டாம் வாரம் 27, 28-க்குக் குறைத்து, நான்காம் வாரத்தில் 24, 25-க்குக் கொண்டுவரலாம். சித்திரை வெயிலில் நம் வீட்டு அறையே அந்தச் சூட்டில்தான் இருக்கும். அப்போது சுடுநீர் பாட்டில் வைப்பது கேடு.

அளந்து பார்க்கக் கருவி இல்லையா? குட்டிகளைப் பார்த்தாலே போதும். ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கத்தினால் குளிர்கிறது. ஆளுக்கொரு மூலையில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு மிஞ்சிவிட்டது. பக்கத்தில் பக்கத்தில் படுத்து, தூக்கத்தில் அவ்வப்போது காலை உதறிக்கொண்டு கிடந்தால் எல்லாம் சரி.

எந்தப் பால், எவ்வளவு பால்

பசும்பால் ஏன் ஆகாது? நாயின் பாலில் 100 மில்லிக்குச் சுமார் 9 கிராம் கொழுப்பும் 7, 8 கிராம் புரதமும் இருக்கும். பசும்பாலில் கொழுப்பு 4 கிராம், புரதம் 3 கிராமுக்குக் கொஞ்சம் மேல். ஆனால் பாலில் உள்ள லாக்டோஸ் என்கிற சர்க்கரை மட்டும் பசும்பாலில்தான் கூடுதல். ஆகவே பசும்பால் குடிக்கும் குட்டிக்குச் சத்துப் போதாது, கூடவே வயிற்றுப்போக்கும் வரும். கைக்குழந்தைக்குக் கொடுக்கும் பால்பவுடரும் நாய்க்குட்டிக்குப் பொருந்தாது. செல்லப்பிராணிக் கடைகளில் நாய்க்குட்டிக்கென்றே பால்பவுடர் விற்கிறார்கள். அதை டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி கரைத்துக் கொடுப்பதுதான் சரி.

கடை திறக்கும்வரை என்ன செய்வது? காய்ச்சி ஆறிய கொழுப்பெடுக்காத பால் 250 மில்லி, அதில் இரண்டு முட்டையின் மஞ்சள் கரு, ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெய். நன்றாக அடித்து வடிகட்டி வெதுவெதுப்பாகக் கொடுக்கலாம். வெள்ளைக்கரு சேர்க்கக் கூடாது, சீனி போடக் கூடாது. இது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் சமாளிப்பதற்கு மட்டும்தான்.

அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. முதல் வாரத்தில் ஒவ்வொரு 100 கிராம் எடைக்கும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 15 மில்லி கரைத்த பால் வேண்டும். இரண்டாம் வாரம் 17, மூன்றாம் வாரம் 20. எங்கள் 300 கிராம் குட்டிக்கு ஒரு நாளைக்கு 45 மில்லி. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை என்று எட்டு வேளையாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு ஐந்தரை மில்லி. ஒரு தேக்கரண்டிக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். அதன் வயிறு ஒரு நேரத்தில் 12 மில்லிக்கு மேல் கொள்ளாது. "இவ்வளவுதானா?" என்று யாருக்கும் தோன்றும். கத்துகிறதே என்று கூடக் கொடுத்தால் மறுநாள் மலம் இளகும். மேலும் கொடுத்தால் பச்சையாகப் போகும், பிறகு தயிர் திரிந்ததுபோல் வெளுத்துப் போகும். அளவைக் குறைக்கச் சொல்லிக் குட்டி அனுப்பும் சேதி அது. இரண்டாம் வாரத்தில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை போதும்.

குப்புறப் படுத்தே குடிக்க வேண்டும்

சங்கும் பாலாடையும் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் குழந்தை வளர்த்தவை. குழந்தையை மடியில் மல்லாத்திப் போட்டுப் புகட்டிப் பழகிய கை, நாய்க்குட்டியையும் அப்படியே மல்லாத்தும். அங்கேதான் ஆபத்து. நாய்க்குட்டி தாயிடம் குடிக்கும்போது வயிறு தரையில் படிந்திருக்கும், முன்னங்கால்கள் தாயின் மடியைப் பிசையும், தலை லேசாக நிமிர்ந்திருக்கும். நாமும் அதே நிலையில்தான் குடிக்க வைக்க வேண்டும். மடியில் சுருட்டிய துண்டு ஒன்றைப் போட்டு, அதன்மேல் குட்டியைக் குப்புறப் படுக்கவைத்து, முன்னங்கால் ஊன்ற இடம் கொடுத்தால் தானாகவே பிசைந்துகொண்டு குடிக்கும்.

பாட்டிலின் ரப்பர்க் காம்பில் ஓட்டை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. தலைகீழாகப் பிடித்தால் பால் சொட்டுச் சொட்டாக, மெதுவாக விழ வேண்டும். ஒழுகினால் ஓட்டை பெரிது.

இதில் நான் ஒரு தவறு செய்தேன். எட்டாம் நாள் இரவு, தூக்கக் கலக்கத்தில், குட்டிகள் குடிக்க நேரமாகிறதே என்று ஊசியைச் சூடுபண்ணிக் காம்பின் ஓட்டையைப் பெரிதாக்கினேன். வெள்ளைக் குட்டி இரண்டு மடக்குக் குடித்ததும் மூக்கு வழியாகப் பால் வந்தது. உடனே நிறுத்தி, தலையைத் தாழ்த்திப் பிடித்துத் துடைத்துவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் மதியம் அது பால் குடிக்க மறுத்தது. காதை மார்போடு வைத்துக் கேட்டால் உள்ளே காகிதம் கசங்குவதுபோல் ஒரு சத்தம். மூச்சு விடும்போது விலா உள்வாங்கியது. நுரையீரலில் பால் இறங்கிச் சளி கட்டியிருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். ஊசியும் மருந்துமாகப் பத்து நாள் போராடித்தான் அதை மீட்டோம். மூக்கில் பால் வந்த குட்டியை அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். மறுநாள்வரை காத்திருந்தது என் இரண்டாவது தவறு.

பால் குடித்து முடித்த பின் இன்னொரு வேலை இருக்கிறது, தெரியாதவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது அது. மூன்று வாரம் ஆகும்வரை குட்டியால் தானாகச் சிறுநீரும் மலமும் கழிக்க முடியாது. தாய் நாக்கால் நக்கித் தூண்டினால்தான் வெளியேறும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் அடிவயிற்றிலிருந்து ஆசனவாய் வரை மெதுவாகத் தடவினால் சில நொடிகளில் போய்விடும். ஒவ்வொரு வேளையும் இதைச் செய்ய வேண்டும். சிறுநீர் வெளிறிய நிறத்தில் இருந்தால் உடம்பில் நீர் போதுமான அளவு இருக்கிறது. அடர்மஞ்சளாக இருந்தால் நீர் வற்றுகிறது.

எல்லாம் சரியாகப் போகிறதா என்று சொல்வது சமையலறைத் தராசு. தினமும் காலையில், முதல் பாலுக்கு முன், நான்கையும் தனித்தனியே ஒரு கிண்ணத்தில் வைத்து நிறுத்துப் பழைய நோட்டில் எழுதினேன். நல்ல குட்டி ஒரு நாளைக்குத் தன் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை கூடும், பத்து நாள் வாக்கில் பிறந்த எடையைப்போல் இரண்டு மடங்காகும். ஒரு நாள் எடை கூடவில்லை என்றால் உற்றுக் கவனிக்க வேண்டும். இறங்கினால் மருத்துவரிடம் போக வேண்டும். வெள்ளைக் குட்டியின் வரிசையில் 470-க்கு அடுத்து 455 என்று எழுதிய அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன். கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாத காலையிலேயே தராசு சொல்லிவிட்டது.

பல் முளைத்த பிறகு

பத்து முதல் பதினான்கு நாளுக்குள் கண் திறந்தது. அடுத்த சில நாளில் காதும் கேட்கத் தொடங்கியது. மூன்றாம் வாரக் கடைசியில் ஒருநாள், ரப்பர்க் காம்பு முழுக்கப் பல்தடம். ஈறைத் தடவிப் பார்த்தால் அரிசிமுனைபோல் பல் குத்தியது. பால்குடி மறக்கவைக்க வேண்டிய காலம் அது.

தாயோடு இருக்கும் குட்டிகளுக்கு இதைத் தாயே கற்றுக்கொடுத்துவிடும். மூன்று, நான்கு வாரத்தில் குட்டிகளின் பசி உச்சத்துக்குப் போகும், ஊசிப்பல் மடியைக் குத்தும். படுத்துப் பால் கொடுத்த நாய், நின்றபடி கொடுக்கத் தொடங்கும். பாதியில் எழுந்து நடந்துவிடும். விடாமல் தொங்கினால் உறுமும். சில நாய்கள் தாம் தின்றதைக் குட்டிகளுக்கு முன் கக்கியும் வைக்கும். அருவருப்பாகத் தோன்றினாலும் பாதி செரித்த அந்த உணவுதான் குட்டியின் முதல் கஞ்சி. தாய் இருக்கும் வீட்டில் நாம் செய்ய வேண்டியது, அந்த நேரத்தில் குட்டிகளுக்குத் தனித்தட்டு வைப்பது மட்டும்தான்.

தாயில்லாத குட்டிகளுக்கு நாம்தான் கஞ்சி காய்ச்ச வேண்டும். நாய்க்குட்டிகளுக்கான உலர்தீவனம் ஒரு பங்கு எடுத்து, வெந்நீர் மூன்று பங்கு ஊற்றி அரை மணி நேரம் ஊறவைத்தேன். மிக்சியில் அரைத்து, அவை குடித்துப் பழகிய அதே பாலைக் கொஞ்சம் கலந்து, கேழ்வரகுக் கூழ் பதத்துக்குக் கொண்டுவந்தேன். பழகிய பாலின் வாசனை அதில் இருந்தால்தான் குட்டி கிட்டே வரும்.

விளிம்பு தாழ்ந்த எவர்சில்வர்த் தட்டில் அதை விரல்கனம் மட்டும் ஊற்றி, பால் கொடுக்கும் வேளைக்குச் சற்று முன், பசியோடு இருக்கும்போது வைத்தேன். பெரிய கறுப்புக் குட்டி நேராகத் தட்டுக்குள் நடந்து போய் நின்றது. சின்னது முகர்ந்துவிட்டுத் தும்மியது. மூக்கைத் தட்டில் அமுக்கக் கூடாது, கஞ்சி மூக்கில் ஏறிவிடும். விரலில் தொட்டு உதட்டில் தடவினால் நக்கும். நக்க நக்க விரலைத் தாழ்த்தித் தட்டுக்குக் கொண்டுபோனால் நாக்கு தானே வழி கண்டுபிடிக்கும். அன்று உள்ளே போனதைவிட மேலே அப்பிக்கொண்டதுதான் அதிகம். வெந்நீர்த் துணியால் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, வழக்கம்போல் பாட்டிலும் கொடுத்தேன். மூன்றாம் நாள் நான்கும் நக்கிக் குடித்தன.

அதன்பிறகு இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டே போனேன். கஞ்சி கெட்டியாகக் கெட்டியாகப் பாட்டில் வேளை குறைந்தது. நான்காம் வாரம் கூழ், ஐந்தாம் வாரம் குழைந்த சோற்றுப் பதம், ஆறாம் வாரம் ஊறிய தீவனத்தை அரைக்காமல் அப்படியே. ஏழாம் வாரத்தில் பாட்டில் அலமாரிக்குப் போய்விட்டது. ஒரு நாளைக்கு நான்கு வேளை உணவு. கஞ்சி தொடங்கிய நாளிலிருந்தே ஆழமில்லாத கிண்ணத்தில் தண்ணீரும் வைத்தேன். ஒரு பதம் மாற்றினால் மூன்று நாளாவது அதிலேயே நிற்க வேண்டும். மலம் இளகினால் முந்தைய பதத்துக்குத் திரும்ப வேண்டும்.

நம் ஊரில் இந்த இடத்தில் ஒரு பெரிய தவறு நடக்கிறது. பால்குடி மறந்த குட்டிக்குப் பால்சோறும் தயிர்சோறும் மட்டுமே போட்டு வளர்ப்பது. வயிறு நிறையும், பானைபோல் உப்பும், முதுகெலும்பு துருத்தும். வளரும் குட்டிக்கு வேண்டிய புரதமும் தாது உப்புகளும் அதில் இல்லை. எலும்பு வலுவில்லாமல் கால் வளையும். வெறும் கறி மட்டும் போட்டாலும் சுண்ணாம்புச் சத்து கிடைக்காமல் இதே கதிதான். தீவனம் வாங்க வசதி இல்லாதவர்கள், எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறி, அவித்த முட்டை ஆகியவற்றைக் குழைந்த சோற்றோடு பிசைந்து கொடுக்கலாம். உப்பு, காரம், வெங்காயம், பூண்டு எதுவும் வேண்டாம். சுண்ணாம்புச் சத்து மருந்தை எவ்வளவு சேர்ப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பானை வயிற்றுக்கு இன்னொரு காரணம் பூச்சி. நாய்க்குட்டி தாய் வயிற்றில் இருக்கும்போதே உருண்டைப்புழு அதன் உடம்புக்குள் வந்துவிடும். அதனால்தான் இரண்டாம் வாரத்திலேயே முதல் பூச்சிமருந்து, பிறகு எட்டு வாரம்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. அளவு எடையைப் பொறுத்தது என்பதால் நோட்டை எடுத்துக்கொண்டு போனால் மருத்துவருக்கு வேலை எளிது. ஆறு வாரத்தில் தடுப்பூசி தொடங்கும். பிறந்த முதல் நாள் தாயிடம் குடிக்கும் சீம்பாலில்தான் நோய் எதிர்ப்பு இருக்கிறது. அதுகூடக் கிடைக்காத குட்டி என்றால் முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்றாம் மாதம். அதுவரை குட்டி கடித்தாலோ பல் கீறினாலோ, குட்டிதானே என்று விடாமல் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

எட்டு வாரம்

சோறு தின்னத் தெரிந்துவிட்டது, இனி யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று ஐந்தாம் வாரமே நினைத்தேன். மருத்துவர் வேண்டாம் என்றார். கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்பது கூடப்பிறந்தவற்றோடு சண்டை போட்டுத்தான். ஒன்று வீலென்று கத்தி விளையாட்டை நிறுத்தும்போது கடித்தது வாயை விடும். தனியே வளர்ந்த குட்டி அந்தப் பாடத்தைக் கற்காமலே பெரிதாகும். எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் வந்த நாய் வளர்ப்பு விதிகளும் சொல்கின்றன. ஆனாலும் முப்பது நாள் குட்டிகள் கூடையில் விற்பனைக்கு வருகின்றன. வாங்காதீர்கள்.

எங்கள் நான்கும் எட்டு வாரம் முடிந்துதான் வீடு மாறின. சின்னது பாட்டி வீட்டில் இருக்கிறது. அவர்தான் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தெருவில் குட்டிகள் தனியே கிடப்பதைப் பார்த்தால் உடனே தூக்கிவிடாதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம். குட்டிகள் சூடாக, அமைதியாகத் தூங்கினால் தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள். தாய் இறந்துவிட்டது உறுதி என்றால், பக்கத்தில் பால் கொடுக்கும் வேறு நாய் இருந்து அது ஏற்றுக்கொண்டால் அதைவிட நல்ல வழி இல்லை. அதுவும் இல்லையென்றால் நீங்கள்தான். குட்டியைக் கையில் எடுத்ததும் பாலைத் தேடி ஓடாதீர்கள். முதலில் அதன் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால், சட்டைக்குள் உங்கள் உடம்போடு சேர்த்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். பால் கொஞ்ச நேரம் காத்திருக்கலாம்.